ஏஜென்சி மாறிய மாதத்தில் தீபாவளி: போனஸும் லீவுக் காசும் யார் தரணும்?

ஒரகடத்தான் | 19 அக்டோபர் 2024, இரவு 11:40

வணக்கம். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்ஷன்ல இருக்கேன். 2019 ஜூன்ல சேர்ந்தேன். அதே லைன், அதே மேஜை, அதே கேஜ். ஆனா கம்பெனி ரோல்ல இல்லை, காண்ட்ராக்ட்.

முதல் ஏஜென்சி 2021 செப்டம்பர் வரை. இரண்டாவது 2021 அக்டோபர்ல இருந்து போன மாசம் 30 வரை. இந்த அக்டோபர் 1-ம் தேதி மூணாவது வந்துடுச்சு. எங்களுக்கு மாறினது கழுத்துல தொங்குற அட்டையோட கலர் மட்டும்தான்.

இப்போ பிரச்சினை என்னன்னா, 31-ம் தேதி தீபாவளி. பழைய ஏஜென்சிக்காரரைக் கேட்டா, "நீங்க இப்ப எங்க ஆளே இல்லையே" என்கிறார். புது ஏஜென்சி, "நீங்க சேர்ந்து மூணு வாரம்தானே ஆகுது" என்கிறார்கள். கம்பெனி எச்ஆர்ல, "அது உங்க வெண்டார் விஷயம்" என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து மேஜையில் நிற்கிற கம்பெனி ரோல் ஆளுக்கு வியாழக்கிழமையே போனஸ் அக்கவுண்ட்ல ஏறிடுச்சு.

என் ஸ்லிப்: பேசிக்கும் டிஏவும் சேர்த்து 13,200, வீட்டு வாடகைப் படி 1,800, மொத்தம் 15,000. பிஎஃப் 1,584, இஎஸ்ஐ 113, கேண்டீன் 300 போக கையில் 13,003. லீவு போட்டா அன்னைக்குச் சம்பளம் கட். சேர்ந்த நாள்ல இருந்தே அப்படித்தான்.

எனக்கு ஏதாவது வருமா, வராதா? வராதுன்னா வராதுன்னே சொல்லுங்க, மனசு அடங்கும்.

---

ஷிப்ட்_சி | 20 அக்டோபர், காலை 6:55

தம்பி, தமிழ்நாட்டுல தனிச் சட்டமே இருக்கு. இரண்டு வருஷத்துல 480 நாள் வேலை செஞ்சுட்டா நீங்க பெர்மனென்ட். உங்களுக்கு அஞ்சு வருஷம் ஆச்சு. போனஸ் என்ன போனஸ், நேரா கம்பெனி மேல கேஸ் போடுங்க. மொத்த அரியரும் வரும்.

---

காஞ்சி குமரன் | 20 அக்டோபர், காலை 9:10

நான் கம்பெனி ரோல் ஆள்தான், வேற கம்பெனி. திட்டாதீங்க, எங்க பக்கத்தையும் சொல்லிடறேன். எங்க லைன்லயும் காண்ட்ராக்ட் பசங்க இருக்காங்க. அவங்க செய்யறதும் நாங்க செய்யறதும் அச்சு அசல் ஒண்ணு இல்லை. ரிஜெக்ஷன் வந்தா ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுறது நாங்க. கஸ்டமர் கம்ப்ளெயின்ட் வந்தா மெமோ வாங்குறதும் நாங்க.

இன்னொண்ணு, எங்களுக்கு எல்லாமே உசத்தின்னு நினைக்காதீங்க. என் சம்பளம் 21,000 தாண்டினதும் இஎஸ்ஐ போயிடுச்சு. கம்பெனி மெடிக்ளெய்ம் குடுத்துச்சு, வருஷத்துக்கு 2 லட்சம். போன வருஷம் அப்பாவுக்கு இதய ஆபரேஷன். மெடிக்ளெய்ம்ல பாதி பில் கூட தேறலை. அதே நேரம் எங்க லைன் காண்ட்ராக்ட் பையனோட அம்மாவுக்கு கே.கே. நகர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில கையைக் கடிக்காம வைத்தியம் முடிஞ்சது.

---

பழைய டைம் ஆபீஸ் | 20 அக்டோபர், பிற்பகல் 2:25

இருபத்தாறு வருஷம் டைம் ஆபீஸில் வருகைப் பதிவேடு எழுதியவன் நான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் ஒரகடத்தான் தம்பி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: ஏஜென்சி மாறியபோது ஏதாவது காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்களா?

ஷிப்ட்_சி சொன்ன 480 நாள் சட்டம் உண்மைதான். 1981-ல் வந்தது. 24 மாத காலத்தில் 480 நாள் என்பதும் சரி. ஆனால் அதில் முதல் கேள்வி "யாரிடம் வேலை செய்தாய்" என்பது. கம்பெனி உடனே "இவர் எங்கள் ஆள் அல்ல, காண்ட்ராக்டர் ஆள்" என்று சொல்லும். அந்தக் காண்ட்ராக்ட் வெறும் காகிதப் பெயர்தான், வேலை வாங்கியது, லீவு கொடுத்தது, தண்டித்தது எல்லாம் கம்பெனியே என்று நீங்கள் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். அது வருஷக்கணக்கில் இழுக்கும் வழக்கு. 2001-ல் செயில் என்ற அரசு உருக்கு நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு வேலையில் காண்ட்ராக்ட் முறையையே அரசு தடை செய்தாலும் அந்த ஆட்கள் தானாகவே கம்பெனி ஆட்கள் ஆகிவிட மாட்டார்கள் என்று சொல்லிவிட்டது. போடக்கூடாது என்று சொல்லவில்லை. தீபாவளிக்குள் வருகிற காசு அதில் இல்லை என்கிறேன்.

இந்தத் தம்பிக்கு உடனே வரவேண்டிய காசு வேறு இடத்தில் கிடக்கிறது. அவர் அதைப் போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "லீவு போட்டா சம்பளம் கட்".

---

ஒரகடத்தான் | 20 அக்டோபர், இரவு 10:15

ஆமாங்க ஐயா. செப்டம்பர் 28 அன்னைக்கு லைன்லயே பேப்பர் கொண்டுவந்து கையெழுத்து வாங்கினாங்க. "சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன், எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை"ன்னு இருந்தது. போடலைன்னா புது கேட் பாஸ் கிடையாதுன்னாங்க. 40 பேரும் போட்டோம். போன தடவை மாறினப்பவும் இதே பேப்பர்தான்.

---

பழைய டைம் ஆபீஸ் | 21 அக்டோபர், காலை 10:40

நினைத்தேன்.

லீவை முதலில் எடுத்துக்கொள்வோம். ஃபேக்டரி சட்டத்தில் "தொழிலாளி" என்றால் நேரடியாக எடுத்தவர் மட்டுமல்ல, ஏஜென்சி மூலமாகவோ காண்ட்ராக்டர் மூலமாகவோ வந்தவரும்தான். அந்த விளக்கத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. ஆகவே சம்பளத்துடன் விடுப்பு காண்ட்ராக்ட் ஆளுக்கு இல்லை என்று யார் சொன்னாலும் தவறு. கணக்கு இதுதான்: ஜனவரி முதல் டிசம்பர் வரை 240 நாளாவது வேலை செய்திருந்தால், வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் 1 நாள். அதை அடுத்த வருஷம் எடுத்துக்கொள்ளலாம்.

நடு வருஷத்தில் வேலை முடிந்தால்? 79-ம் பிரிவில் அதற்கும் வழி இருக்கிறது. நீக்கினாலும் சரி, தானே விலகினாலும் சரி, 240 நாள் நிறையாவிட்டாலும் அதுவரை செய்த நாட்களுக்கு அதே 20-க்கு 1 கணக்கில் காசாகக் கொடுத்துவிட வேண்டும். "சொந்த விருப்பத்தில் விலகினேன்" என்று எழுதி வாங்கியதால் இந்தக் காசு போய்விடாது.

தம்பி, 2023-ல் எத்தனை நாள், 2024-ல் செப்டம்பர் வரை எத்தனை நாள் என்று ஸ்லிப்களைக் கூட்டிச் சொல்லுங்கள். வார விடுமுறையைச் சேர்க்காதீர்கள்.

---

கணினிக்காரன் | 21 அக்டோபர், மதியம் 12:05

எனக்கும் இதே பிரச்சினை. நான் சோழிங்கநல்லூர்ல ஒரு ஐடி கம்பெனியில தேர்டு பார்ட்டி பேரோல்ல இருக்கேன், மாசம் 85,000. டிசம்பர் கடைசி வாரம் கிளையன்ட் ஆபீஸை மூடிட்டாங்கன்னா அந்த வாரம் எனக்கு பில்லிங் இல்லைன்னு சம்பளத்தைப் பிடிக்கிறாங்க. எனக்கும் 20 நாளுக்கு 1 நாள் வருமா?

---

பழைய டைம் ஆபீஸ் | 21 அக்டோபர், பிற்பகல் 3:30

கணினிக்காரரே, உங்கள் வீடு வேறு, முகவரி வேறு. ஃபேக்டரி சட்டம் உங்களுக்கு வராது. நீங்கள் வருவது 1947-ம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில். அதில் ஒரு வருஷம் முடித்தால் 12 நாள் சம்பள விடுப்பு, தவிர தற்செயல் விடுப்பு 12, நோய் விடுப்பு 12. உங்கள் ஆஃபர் லெட்டரில் பில்லிங் இல்லாத நாள் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துத் தனி இழை போடுங்கள். இங்கே கலந்தால் இரண்டும் குழம்பும்.

---

ஒரகடத்தான் | 22 அக்டோபர், இரவு 11:20

கூட்டிட்டேன் ஐயா. 2023-ல 286 நாள். 2024 ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை 218 நாள். இந்த வருஷம் 6 நாள் லீவு போட்டேன், ஆறும் கட்.

---

பழைய டைம் ஆபீஸ் | 23 அக்டோபர், காலை 11:00

286-ஐ 20-ஆல் வகுத்தால் 14.3. அரை நாளுக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும், ஆக 14. 218-ஐ வகுத்தால் 10.9. அரைக்கு மேல் என்பதால் 11. மொத்தம் 25 நாள். ஒரு நாள் சம்பளம் 15,000-ஐ 26-ஆல் வகுத்து 577. 25 நாளுக்கு 14,425 ரூபாய். இது இரண்டாவது ஏஜென்சி உங்களுக்குத் தரவேண்டியது. வெட்டிய 6 நாளை எதிர்த்தரப்பு இதில் கழிக்கப் பார்க்கும். சம்பளம் கொடுத்திருந்தால்தானே அது இந்த லீவில் கழியும்? ஸ்லிப்பில் கட் என்று இருப்பதே உங்களுக்குச் சாட்சி.

போனஸுக்கு வருவோம். அது ஏப்ரல் முதல் மார்ச் வரையான கணக்கு. இந்தத் தீபாவளிக்குப் பேசப்படுவது 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரைக்கும். அந்த 12 மாதமும் நீங்கள் இரண்டாவது ஏஜென்சியின் ரோலில்தான் இருந்தீர்கள். வருஷத்தில் 30 நாள் வேலை செய்திருந்தாலே போனஸுக்குத் தகுதி வந்துவிடும், இன்றைக்கு அங்கே இருக்கிறீர்களா என்பது கேள்வியே இல்லை. கணக்கு வருஷம் முடிந்து 8 மாதத்துக்குள், அதாவது நவம்பர் 30-க்குள் கொடுத்தாக வேண்டும். தீபாவளிக்கு முன் என்பது நம் ஊர் வழக்கம், சட்டம் சொல்லும் கடைசி நாள் நவம்பர் 30.

குறைந்தது 8.33 சதவீதம். எதற்கு 8.33 என்பதில்தான் ஏமாற்றுவார்கள். 7,000 ரூபாய் அல்லது அந்தத் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, இரண்டில் எது அதிகமோ அதற்கு. பல ஏஜென்சிகள் 7,000-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு வருஷத்துக்கு ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்து முடித்துவிடும்.

---

மலர்_செய்யாறு | 23 அக்டோபர், இரவு 9:45

ஐயா சொல்றதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க, ஏஜென்சி மாறினதுமே இஎஸ்ஐ நம்பரைப் பாருங்க. நான் செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில இருந்தேன். ஏஜென்சி மாறினப்போ பழைய நம்பரைக் கேக்காம புதுசா ஒண்ணு போட்டுட்டாங்க. எனக்குத் தெரியவே தெரியாது. மஞ்சள் காமாலை வந்து ஒன்றரை மாசம் படுத்துட்டேன். சம்பளத்துல 70 சதவீதம் இஎஸ்ஐல தருவாங்கன்னு போனா, அந்த ஆறு மாசக் கணக்குல 78 நாள் பணம் கட்டியிருக்கணுமாம். பழைய நம்பர்ல 50 நாள், புது நம்பர்ல 60 நாள். தனித்தனியா பாத்தா ரெண்டுமே பத்தலை. ரெண்டையும் சேர்க்க நடையா நடந்தேன். கம்பெனி ரோல்ல இருந்த பொண்ணுங்களுக்கு இந்தத் தலைவலியே வராது, ஏன்னா அவங்க முதலாளி மாறவே மாட்டார்.

பிஎஃப்லயும் இதே கதை. பழைய ஏஜென்சி நான் விலகின தேதியைப் போடவே இல்லை.

---

பழைய டைம் ஆபீஸ் | 24 அக்டோபர், காலை 9:30

மலர் அம்மா சொன்னது பொன்னான விஷயம். விலகிய தேதிக்கு ஏஜென்சி காலில் விழ வேண்டியதில்லை. கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆனபின் பிஎஃப் தளத்தில் `Mark Exit` என்பதில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். யூஏஎன் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓய்வூதியத்துக்கு 10 வருஷ சேவை வேண்டும், நாலு ஏஜென்சியின் துண்டு துண்டான வருஷங்கள் ஒன்றாகச் சேர்ந்தால்தான் அந்தப் பத்து நிறையும்.

---

பில்லு போட்டவன் | 24 அக்டோபர், இரவு 8:50

பேர் சொல்ல மாட்டேன். நாலு வருஷம் ஒரு ஏஜென்சியில உக்காந்து கம்பெனிகளுக்கு மாச பில் போட்டவன். இங்க யாருக்கும் தெரியாத ஒண்ணைச் சொல்றேன்.

ஒரகடத்தான் ஸ்லிப்புக்கே பில் போட்டுக் காட்டறேன். சம்பளம் 15,000. முதலாளி பங்கு பிஎஃப், அதோட சேர்ந்த இன்ஷூரன்ஸ், நிர்வாகச் செலவு எல்லாம் 13 சதவீதம், 1,716. இஎஸ்ஐ 3.25 சதவீதம், 488. அதுக்கப்புறம் ரெண்டு வரி வரும்: போனஸ் 1,100, லீவுச் சம்பளம் 673. கூட்டினா 18,977. அதுக்கு மேல எங்க சர்வீஸ் சார்ஜ் 6 சதவீதம்னு வெச்சா 1,139. ஆக 20,116. இதுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. அதைக் கம்பெனி பெரும்பாலும் வரிக் கணக்குல கழிச்சுக்கும்.

புரியுதா? போனஸும் லீவும் மாசா மாசம் பில்லுலயே போகுது. கம்பெனி கொடுத்துடுது. அது ஏஜென்சி கணக்குல தங்கி, தீபாவளிக்கும் லீவுக்கும் வெளிய வரணும். ஏஜென்சி மாறுற நாள்ல வெளிய வராம நின்னுடுது. நாப்பது பேர், ஒரு ஆளுக்கு இருபதாயிரம், இருபத்தஞ்சாயிரம்னா நீங்களே போட்டுப் பாருங்க. டெண்டர்ல 6 சதவீதம், 5 சதவீதம்னு அடிச்சுப் பிடிச்சு இறங்குறவங்க எதை நம்பி இறங்குறாங்கன்னு அப்ப தெரியும்.

எல்லா பில்லும் இப்படி இருக்கும்னு சொல்ல மாட்டேன். சில கம்பெனி, "லீவைக் கொடுத்துட்டு ரசீதோட வா, அப்புறம் தர்றேன்"னு போடும். அங்க ஏஜென்சிக்கு லீவு கொடுக்கவே மனசு வராது, கைக்காசு போடணுமே. அதனால எச்ஆர்ல போய் கேக்க வேண்டிய கேள்வி "எனக்கு போனஸ் உண்டா"ன்னு இல்லை. "என் பேர்ல போனஸும் லீவும் பில் ஆகியிருக்கா"ன்னு கேளுங்க. அதைக் கேட்டா அவங்க முகமே மாறும்.

---

காஞ்சி குமரன் | 25 அக்டோபர், காலை 7:30

சத்தியமா எனக்கு இது தெரியாது. எங்க லைன் பசங்ககிட்ட சொல்றேன்.

---

ஷிப்ட்_சி | 25 அக்டோபர், காலை 8:15

அப்போ கம்பெனி ரெண்டு தடவை கொடுக்கணுமா? அது நடக்குமா?

---

பழைய டைம் ஆபீஸ் | 25 அக்டோபர், மதியம் 1:10

நடக்கும், அதுதான் அவர்களுக்கு எரிச்சல். 1970-ம் வருஷத்துக் காண்ட்ராக்ட் தொழிலாளர் சட்டம், 21-ம் பிரிவு: காண்ட்ராக்டர் கூலி கொடுக்கவில்லை என்றால் வேலை வாங்கிய கம்பெனி கொடுக்க வேண்டும், பிறகு காண்ட்ராக்டர் பில்லில் பிடித்துக்கொள்ளலாம். லீவுக் காசு கூலிக்குள் வரும் என்பதால் அந்த 14,425-க்குக் கம்பெனியின் கதவைத் தட்டலாம். போனஸ் அப்படி அல்ல. கூலி என்பதன் விளக்கத்தில் போனஸ் வராது என்று கம்பெனி தரப்பு வாதாடும், அதற்கு வலு உண்டு. ஆகவே போனஸுக்குப் பழைய ஏஜென்சியையே பிடிக்க வேண்டும். மனுவில் மட்டும் இரண்டு பெயரும் இருக்கட்டும்.

கிராஜுவிட்டியில்தான் உங்களை நன்றாகக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். அதற்கு 5 வருஷ சேவை வேண்டும். உங்களுக்கு மொத்தம் 5 வருஷம் 4 மாதம், ஆனால் எந்த ஏஜென்சியிலும் 5 இல்லை. கம்பெனி ரோலில் இருந்திருந்தால் இன்று விலகினாலும் 13,200-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 5 வருஷத்துக்கு 38,077 வந்திருக்கும். மேட்டூர் அனல்மின் நிலைய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் காண்ட்ராக்ட் ஆளின் கிராஜுவிட்டியை வேலை வாங்கியவரே கொடுக்கட்டும் என்றது. ஆனால் ஏஜென்சி மாறிய கதையிலும், நீங்கள் கையெழுத்திட்ட அந்த விலகல் காகிதத்தின் முன்னாலும் அது அப்படியே நிற்குமா என்று எனக்கு உறுதியில்லை. வக்கீலிடம் கேளுங்கள்.

---

சிவப்புத் துண்டு | 25 அக்டோபர், இரவு 10:00

தோழர்களே, எல்லாரும் சில்லறையைப் பற்றியே பேசுகிறீர்கள். கம்பெனி ஆள் செய்யும் அதே வேலையோ அதே மாதிரியான வேலையோ செய்தால் காண்ட்ராக்ட் ஆளுக்கும் அதே கூலி, அதே விடுமுறை, அதே நேரம் என்று காண்ட்ராக்டர் லைசென்ஸ் நிபந்தனையிலேயே இருக்கிறது. குமரன் "எங்க வேலை வேற" என்கிறார். கையெழுத்துப் போடும் உரிமையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு "நீ கையெழுத்துப் போடுவதில்லை, அதனால் உனக்குப் பாதிச் சம்பளம்" என்றால் அது என்ன நியாயம்?

---

காஞ்சி குமரன் | 25 அக்டோபர், இரவு 10:40

நான் நியாயம்னு சொல்லலை தோழர். கம்பெனி அப்படித்தான் பிரிச்சு வெச்சிருக்குன்னு சொன்னேன்.

---

பழைய டைம் ஆபீஸ் | 26 அக்டோபர், காலை 10:20

நிபந்தனை உண்மை. ஒரே மாதிரி வேலையா இல்லையா என்று தகராறு வந்தால் தீர்மானிப்பது தொழிலாளர் துறை அதிகாரி. அங்கே வாய்ப்பேச்சு எடுபடாது. இன்ஸ்பெக்ஷன் ஷீட்டில் ஒரு ஷிப்டில் கம்பெனி ஆளின் சுருக்கொப்பமும் அடுத்த ஷிப்டில் உங்கள் சுருக்கொப்பமும் அதே கட்டத்தில் இருந்தால் அதுதான் பேசும். தம்பி, அப்படி இருக்கிறதா?

---

ஒரகடத்தான் | 26 அக்டோபர், இரவு 11:50

நைட் ஷிப்ட்ல நான்தான் ஷீட் போடறேன் ஐயா. கம்பெனி ஆள் நைட்டுக்கு வரமாட்டார். ஆனா ஷீட்டை வெளிய கொண்டு வந்தா வேலை போயிடும், போட்டோ எடுக்க போனையும் கேட்லயே வாங்கி வெச்சுப்பாங்க.

அதை இப்பத் தொடலை. லீவு, போனஸ் ரெண்டுக்கும் மட்டும் எழுதப் போறோம். 40 பேர்ல 11 பேர் கையெழுத்துப் போட சம்மதிச்சிருக்காங்க. மத்தவங்க புது ஏஜென்சிக்குப் பயப்படறாங்க.

---

பழைய டைம் ஆபீஸ் | 27 அக்டோபர், காலை 9:00

11 போதும். ஒரு பக்கம் தாண்டாமல் எழுதுங்கள். பெயர், சேர்ந்த தேதி, 2023, 2024 நாட்கள், லீவு நாள், தொகை, அடுத்து 2023-24 போனஸ். உங்கள் பேசிக்கும் டிஏவும் அந்த வருஷம் எவ்வளவு என்று ஸ்லிப்பில் பார்த்து, அதையும் அரசின் குறைந்தபட்சக் கூலி அறிவிப்பையும் ஒப்பிட்டுப் போடுங்கள். இந்த ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்கான ஆறு மாத போனஸும் அவர்களிடம்தான் இருக்கிறது, அதற்குக் கெடு அடுத்த நவம்பர் வரை, ஆனாலும் இப்போதே குறித்து வையுங்கள். பழைய ஏஜென்சிக்குப் பதிவுத் தபால், நகல் கம்பெனிக்கு. பதில் வராவிட்டால் லீவுக்குத் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம். பணிச் சான்றும் கேளுங்கள். வேலை முடிந்தால் காண்ட்ராக்டர் அதைத் தந்தே ஆகவேண்டும்.

இனிமேல் எந்தக் காகிதத்திலும் "பாக்கி இல்லை" என்ற வரி இருந்தால் கீழே கையால் "லீவு, போனஸ் தவிர" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

---

ஒரகடத்தான் | 14 டிசம்பர் 2024, இரவு 10:30

தகவல் சொல்லலைன்னா நல்லா இருக்காது. தபால் போட்டு பத்து நாள்ல கம்பெனி எச்ஆர்ல கூப்பிட்டாங்க. "பில் ஆகியிருக்கா"ன்னு கேட்டேன். பதில் சொல்லலை, பழைய ஏஜென்சிக்குப் போன் போட்டாங்க. நவம்பர் 27-ல எங்க 11 பேருக்கும் லீவுக் காசு வந்தது. எனக்கு 6,347. அதாவது இந்த வருஷ 11 நாள் மட்டும். 2023-ஓட 14 நாளுக்கு, "எடுக்காம விட்டது உங்க தப்பு"ன்னு சொல்றாங்க. லீவு லெட்டர் கொடுத்தா வாங்கவே மாட்டேன்னாங்களே, அதுக்கு எங்ககிட்ட சாட்சி இல்லை.

போனஸ் 6,997 போட்டாங்க. ஐயா சொன்ன மாதிரியே 7,000-ஐப் பிடிச்சு. மீதிக்கு மறுபடி எழுதியிருக்கோம்.

கையெழுத்துப் போடாத 29 பேருக்கு எதுவும் வரலை. இப்ப அவங்களும் கேக்கறாங்க. அதுல ரெண்டு பேருக்கு புது ஏஜென்சி கேட் பாஸ் புதுப்பிக்கலை. காரணம் சொல்லலை. எங்க 11 பேர்ல யாருக்கும் இன்னும் எதுவும் ஆகலை.

---

மலர்_செய்யாறு | 15 டிசம்பர், காலை 8:05

இஎஸ்ஐ நம்பர் பாத்தீங்களா தம்பி?

---

ஒரகடத்தான் | 15 டிசம்பர், காலை 8:40

பாத்தேன் அக்கா. பழைய நம்பரேதான். ஆனா எங்க அம்மா பேரை விட்டுட்டாங்க. நாளைக்கு அதுக்கு லீவு போடணும்.